பொருள்: "ரெசிஸ்டன்ஸ்"க்கு என்ன சொல் போடறது? (பிபி நோட்டீஸ், வெள்ளி காலைக்குள்ள வேணும்)

கலா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை பெங்களூர் அல்சூர்ல நம்ம பெரியவங்களுக்கு பிபி பத்தி ஒரு மணி நேரம் பேசறேன், ரெண்டு பக்க நோட்டீஸ் வெள்ளி காலைல ஜெராக்ஸ் கடைக்கு போயாகணும். பிபிய ஏத்தி இறக்கறது மூணு விஷயம்னு ஆரம்பிக்கறேன்: இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுது, குழாய்ங்க அதுக்கு எவ்வளவு முரண்டு பிடிக்குது, மொத்தம் எவ்வளவு ரத்தம் ஓடுது. நான் போட்ட சொல் இதய வெளியீடு, குழாய் எதிர்ப்பு, ரத்தக் கொள்ளளவு. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், "வெளியீடுன்னா யாரோட புஸ்தகம்? எதிர்ப்புன்னா நோய் எதிர்ப்பு சக்தியா?"ன்னு கேட்டாங்க. கொள்ளளவுக்கு எதுவும் கேக்கல, தூங்கிட்டாங்க.

சந்தானம் எழுதியது:

அம்மா கலா, அந்த மூணு சொல்லு இருக்கட்டும், முதல்ல "ரத்தம்"னு ஒண்ணு இருக்கே, அதை யாரும் பாக்கலியா? வடசொல். குருதின்னு போடுங்க. குருன்னா நிறம், தொல்காப்பியம் உரியியல்லயே இருக்கு, அதுலேர்ந்து குருதி. அதவிட அழகான சொல் நெய்த்தோர், சங்கப்பாட்டுல வரும், நாம தொலைச்சிட்டோம், ஆனா நீங்க இருக்கற ஊர்ல பக்கத்து வீட்டு கன்னடக்காரர் இன்னிக்கும் நெத்தருன்னு சொல்றார், தெலுங்குல நெத்துரு. நம்ம சொல்ல அவங்க காப்பாத்தி வெச்சிருக்காங்க. குருதித்தடை, குருதியளவு, இது ரெண்டும் என் முடிவு.

ரவி எழுதியது:

ஐயா நெய்த்தோர்னு போட்டா நெய் சாப்பிட்டா பிபி வருமான்னு தான் கேப்பாங்க. கலா அக்கா, இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, மின்தடை மாதிரியே தடை. அழுத்தம் = ஓட்டம் × தடை, முடிஞ்சது. இந்த ஃபார்முலால ரத்த அளவே இல்லையே, அதனால மூணாவது சொல்லே வேண்டாம். நம்ம அபார்ட்மென்ட் மோட்டார நெனச்சுக்கோங்க, மோட்டார் வேகமும் பைப் சைஸும்தான் பிரஷர், சம்ப்ல எவ்வளவு தண்ணி இருந்தா என்ன.

ஷீலா எழுதியது:

ரவி, ஃபார்முலா சரி. முடிவு பாதிதான் சரி. சம்ப் காலியாக ஆரம்பிச்சா உங்க மோட்டார் என்ன பண்ணும்? காத்த இழுக்கும். இதயமும் தன்கிட்ட வந்து சேர்ற ரத்தத்தத்தான் தள்ள முடியும், அது தானா உறிஞ்சிக்கற மெஷின் இல்ல. ரத்தம் கொறைஞ்சா ஒவ்வொரு துடிப்புலயும் உள்ள நெறையறது கொறையும், தள்றதும் கொறையும். அதாவது ரத்த அளவு உங்க "ஓட்டம்"ங்கற எழுத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு. புதுசா கேக்கறவங்களுக்கு அதத் தனியா எடுத்துக் காட்டலேன்னா, உப்பு தின்னா ஏன் பிபி ஏறுது, பேதி ஆனா ஏன் எறங்குதுன்னு எப்படி வெளங்கும்? முப்பது வருஷம் ஃபிசியாலஜி நடத்தினேன், பசங்க இங்கதான் வழுக்குவாங்க.

முருகேசன் எழுதியது:

மேடம் ரத்த அளவு எனக்கு 9தான், 13 இருக்கணுமாம், இரும்பு மாத்திரை குடுத்திருக்காங்க, அப்ப எனக்கு பிபி கம்மியா? ஆனா மெஷின்ல 150 காட்டுதே.

கலா எழுதியது:

முருகேசன் சார், நீங்க சொல்றது ஹீமோகுளோபின், ரத்தத்துல இருக்கற செவப்புச் சத்து. நான் கேக்கறது எத்தனை லிட்டர்ங்கறது. பாத்தீங்களா எல்லாரும், "ரத்தம் கம்மி"ன்னா நம்ம ஊர்ல சோகைன்னுதான் அர்த்தம். "ரத்த அளவு" போட்டா வகுப்பே ஹீமோகுளோபின் பக்கம் போயிடும்.

அந்தோணி எழுதியது:

சொல் எனக்குத் தெரியாது, சந்தேகம் ஒண்ணு இருக்கு. போன மாசம் என் மாமியாருக்கு ரெண்டு நாள் பேதி. வீட்டு மெஷின்ல 118க்கு 88, வழக்கமா 130க்கு 80, சரி பிபி நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டோம், பாத்ரூம் போக எழுந்தாங்க, அப்படியே சரிஞ்சுட்டாங்க. நாடி 110ன்னு மெஷின் காட்டினது, அத யாரும் கவனிக்கல. தண்ணி போயிடுச்சுன்னா பிபி கொறைஞ்சிருக்கணுமே?

ஷீலா எழுதியது:

கலா, இந்த ஒரு கதைய வெச்சே நீங்க மூணையும் சொல்லிடலாம்.

அந்தோணி, கணக்கு சுமாரா போட்டுக் காட்றேன். நல்லா இருக்கும்போது ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 துடிப்பு, கிட்டத்தட்ட 5 லிட்டர். பேதில தண்ணி போனதும் இதயம் சரியா நெறையல, துடிப்புக்கு 40 மில்லிதான்னு வைங்க. ஒடம்பு சும்மா இருக்காது, துடிப்ப 110க்கு ஏத்தும், 4.4 லிட்டர் ஆச்சு. இன்னும் கொஞ்சம் இடிக்குது இல்லையா, அத குழாய்ங்க ஈடுகட்டும். பெரிய குழாய் இல்ல, கண்ணுக்கே தெரியாத குட்டிக் குழாய்ங்க, சுவர்ல தசை இருக்கும், அதுங்க சுருங்கும். எவ்வளவு சுருங்கணும் தெரியுமா? விட்டம் நூத்துல 3 பங்கு கொறைஞ்சாப் போதும், தடை நூத்துக்கு 13 பங்கு ஏறிடும், ஏன்னா விட்டம் பாதியானா தடை ரெண்டு மடங்கு இல்ல, 16 மடங்கு. அதனாலதான் சராசரி அழுத்தம் பழைய எடத்துலயே நின்னுது. மேல இருக்கற நம்பர் எறங்கி, கீழ இருக்கறது ஏறி, ரெண்டுக்கும் இடைவெளி 50லேர்ந்து 30 ஆனதப் பாருங்க. அதுதான் துப்பு, கூட ஏறின நாடி.

எழுந்து நின்னதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் காலுப் பக்கம் எறங்கும், எல்லாருக்கும் எறங்கும், நமக்குத் தாங்கும். அவங்களுக்கு துடிப்பும் சுருக்கமும் ஏற்கனவே செலவாயிடுச்சு, இருப்பு இல்ல. பிபி மாத்திரையும் சாப்பிடறவங்கன்னா, பல மாத்திரை அந்தக் குழாய்ங்களத் தளர்த்தறதுதான், சுருங்க விடாது. படுத்து ஒரு தடவை, நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பாக்கணும், மேல நம்பர் 20 எறங்கினா விஷயம் இருக்கு. மாத்திரைய நிறுத்தறதா வேணாமாங்கறத அவங்க டாக்டர்தான் சொல்லணும்.

அந்தோணி எழுதியது:

சாப்பிடறாங்க மேடம், அம்லோடிபின். இப்ப புரியுது.

ரவி எழுதியது:

16 மடங்கு ஒத்துக்கறேன், மூணாவது சொல்லும் ஒத்துக்கறேன். தடை மட்டும் விட மாட்டேன்.

கலா எழுதியது:

தடைன்னா எங்க பெரியவங்க அடைப்புன்னு எடுத்துப்பாங்க ரவி, "எனக்கு குழாய்ல தடை இருக்கா, ஆஞ்சியோ பண்ணணுமா"ன்னு அழுவாங்க. இறுக்கம்னு போட்டா? குழாய் இறுக்கம். பெண்கள் எல்லாருக்கும் ஜாக்கெட் கை இறுக்கம் தெரியும்.

ஷீலா எழுதியது:

இறுக்கம் காரணம், தடை விளைவு. ரத்தம் கெட்டியா இருந்தாலும் தடை ஏறும், அங்க இறுக்கம் எங்க இருக்கு? ஆனா இது ஞாயித்துக்கிழமை வகுப்பு, பரீட்சை இல்ல. பெரும்பாலும் மாறிக்கிட்டே இருக்கறது குழாயோட இறுக்கம்தான். எனக்கு ஆட்சேபணை அரை மனசுலதான்.

சந்தானம் எழுதியது:

இறுக்கம் நல்ல சொல். குருதிக்குழாய் இறுக்கம்.

கலா எழுதியது:

வியாழன் ராத்திரி பதினொண்ணு ஆகுது. போடறது இதுதான்: "இதயம் தள்ளும் ரத்தம்", "குழாய் இறுக்கம்", "மொத்த ரத்தம், லிட்டரில்". மூணாவது சொல்லே இல்ல, வாக்கியம், தெரியும். ரவி தவிர எல்லாரும் சரின்னுட்டாங்க, ஐயா குருதி கேட்டுக்கிட்டே இருக்கார், மன்னிக்கணும்.

ரவி எழுதியது:

கலைச்சொல் கேட்டு வந்து கோனார் உரை வாங்கிட்டுப் போறீங்க. என் ஓட்டு தடைக்குத்தான்னு குறிச்சுக்கோங்க.

சந்தானம் எழுதியது:

கன்னடத்துல அழுத்தத்துக்கு ஒத்தடன்னு சொல்றாங்க, ஆஸ்பத்திரி போர்டுல ரக்ததொத்தடன்னு பாத்திருப்பீங்க. நம்ம ஒத்தடம்தான் அது, சுடுதண்ணில துணி நனைச்சு வெக்கறோமே, ஒற்றுதல். அப்ப "அழுத்தம்"ங்கறதே சரியான சொல்லாங்கறத நாளைக்கு விரிவா எழுதறேன்.

கலா எழுதியது:

ஐயா, ஜெராக்ஸ் கடை ஒன்பதுக்குத் திறக்கும்.