இழை: பூட்ஸ்ட்ராப், பெர்மியூட்டேஷன் டெஸ்ட் – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

வளர்மதி:
நண்பர்களுக்கு வணக்கம். புள்ளியியல் சொற்பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பூட்ஸ்ட்ராப், பெர்மியூட்டேஷன் டெஸ்ட் இரண்டுக்கும் எதிரே "மீள்கூறெடுப்பு" என்றே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். தரவு இயல்நிலைப் பரவலில் இல்லை, எண்ணிக்கையும் குறைவு என்றால் இந்த இரண்டையும் கையில் எடுக்கிறோம், சரி. அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஆளுக்கொரு சொல் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பிரபு:
பூட்ஸ்ட்ராப்புக்கு ஏற்கெனவே "தொடக்கேற்றம்" என்று கணினிப் பட்டியலில் இருக்கிறதே. கணினி இயங்கத் தொடங்குவதைத்தானே சொல்கிறீர்கள்? அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அறவாழி:
பிரபு, அது வேறு. பெயரின் வேர் மட்டும்தான் ஒன்று: தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வது. புள்ளியியலில் 1979இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எஃப்ரான் இந்தப் பெயரை வைத்தார். கையில் இருக்கும் கூறிலிருந்தே மறுபடி மறுபடி கூறு எடுத்து, நம் மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்று பார்ப்பது. இங்கே தொடக்கம் எதுவும் இல்லை.

வளர்மதி, உங்கள் ஐயம் சரியானது. எட்டே எண்களை வைத்துக் காட்டுகிறேன். ஒரு நிரலின் புதிய வடிவம் ஒரு வேலையை முடிக்க எடுத்த விநாடிகள் 11, 14, 16, 19. பழைய வடிவம் எடுத்தவை 18, 23, 27, 95. அந்த 95 பிழையல்ல, உண்மையாகவே ஒருமுறை அவ்வளவு நேரம் ஆனது. சராசரிகள் 15, 40.75. வித்தியாசம் 25.75. பாடப்புத்தக டி-சோதனை போட்டால் பி-மதிப்பு, அதாவது வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.2க்குச் சற்று மேலே வரும். ஒரே ஒரு 95 திட்டப் பிழையை ஊதிப் பெரிதாக்கிவிடுகிறது.

இப்போது எட்டு எண்களையும் எட்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். கலைத்து, நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம் எனப் பிரியுங்கள். மொத்தம் 70 விதமாகப் பிரிக்கலாம். பழைய வடிவத்தின் கூட்டுத்தொகை 163. அதைத் தொடவோ தாண்டவோ எத்தனை விதங்களால் முடியும்? 95 இல்லாமல் முடியாது. 95ஓடு 27, 23, 19 சேர்ந்தால் 164. 27, 23, 18 சேர்ந்தால் 163, அது நம்முடையதே. அவ்வளவுதான். 70இல் 2. எதிர்த்திசையையும் சேர்த்தால் 4, அதாவது பி-மதிப்பு 0.057. புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இலேயே காட்டிய வழி இது. எந்தச் சீட்டும் இருமுறை வராது, எதுவும் விடுபடாது.

பூட்ஸ்ட்ராப்பில் அப்படியில்லை. பழைய வடிவத்தின் நான்கு சீட்டுகளை மட்டும் எடுங்கள். ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திருப்பிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். நான்கு முறை எடுத்தால் ஒரு புதிய கூறு. 95 நான்கு முறையும் வரலாம், ஒருமுறைகூட வராமலும் போகலாம். திருப்பிப் போடுகிறோமா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவர். "மீள்கூறெடுப்பு" அதை மறைக்கிறது.

நிஷா:
அருமையான விளக்கம் ஐயா. அப்படியானால் இரண்டாவதற்கு "குழுமாற்றுச் சோதனை" என்று வைக்கலாமே? எண்கள் குழு மாறுகின்றன, அவ்வளவுதானே. விளக்கக் குறிப்பில் "எந்த நிபந்தனையும் இல்லாத சோதனை" என்றும் சேர்த்துவிடலாம். இயல்நிலை வேண்டாம், சமமான பரவல் வேண்டாம், எதுவுமே வேண்டாம்.

அறவாழி:
இயல்நிலை வேண்டாம் என்றது சரி நிஷா. மற்றதில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு வடிவங்களுக்கும் வேறுபாடே இல்லை என்றால் எந்தச் சீட்டு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்ற எண்ணத்தில்தான் கலைக்கிறோம். ஆகவே பி-மதிப்பு சிறிதாக வந்தால் "இரண்டு பரவல்களும் ஒன்றல்ல" என்று சொல்லலாம். "சராசரிதான் வேறு" என்று உடனே சொல்ல முடியாது. என் எண்களையே பாருங்கள்: ஒன்று 11க்கும் 19க்கும் நடுவில் அடங்கிக் கிடக்கிறது, மற்றது 18இலிருந்து 95 வரை சிதறிக் கிடக்கிறது. 0.057க்கு அந்தச் சிதறலும் காரணமாக இருக்கலாம். "நிபந்தனையே இல்லை" என்று பட்டியலில் அச்சானால் மாணவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள். அந்த வரி வேண்டாம்.

"குழுமாற்று" என்பதிலும் ஒரு சிக்கல். உயரத்துக்கும் எடைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும்போதும் இதே சோதனை பயன்படும். உயரங்களை அப்படியே வைத்துவிட்டு எடைகளை மட்டும் கலைத்து அடுக்குவோம். அங்கே குழு ஏது?

கதிர்:
சொல் விவாதத்தின் நடுவில் என் அனுபவத்தைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்காகப் பத்துப் பேரிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தேன். ஒன்பது பேருக்கு அளவு குறைந்திருந்தது. இருபது எண்களையும் ஒன்றாகக் கொட்டிக் கலைத்துப் பத்துப் பத்தாகப் பிரித்தேன். பி-மதிப்பு 0.4ஐத் தாண்டியது. பயிற்சியால் பலனில்லை என்று எழுதியும் விட்டேன். நெறியாளர்தான் பிடித்தார். ஆளுக்கு ஆள் அளவு பெரிதாக மாறுவதால், ஒருவருடைய எண் இன்னொருவரிடம் போனதும் பயிற்சியின் தடம் அதில் மூழ்கிவிட்டது. ஒவ்வொருவருக்குள்ளும் முன், பின் இரண்டை மட்டும் மாற்றிப் போட்டேன். 1024 விதம் கிடைத்தது. என்னுடையதை எட்டியவை 22 மட்டுமே. 0.02.

எதைக் கலைக்கலாம், எதைக் கலைக்கக் கூடாது என்பது அந்தச் சொல்லிலேயே இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

வளர்மதி:
கதிர், நீங்கள் கேட்கும் அளவுக்கு ஒரு சொல்லால் தாங்க முடியாது. உங்கள் கதையை விளக்கக் குறிப்பில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கிறேன்.

அறவாழி ஐயா "கலைத்து அடுக்குவோம்" என்று எழுதியதையே பிடித்துக்கொண்டேன்: கலைத்தடுக்குச் சோதனை. பள்ளிப் பாடத்தில் "வரிசைமாற்றம்" இருப்பதால் "வரிசைமாற்றுச் சோதனை" என்று போடலாமே என முதலில் நினைத்தேன். ஆனால் மேலே சீட்டுகளைப் பிரித்தபோது வரிசைக்கு வேலையே இல்லை, எது எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. வெறும் "கலைப்பு" என்றால் அவையைக் கலைப்பது மாதிரித் தொனிக்கிறது. பூட்ஸ்ட்ராப்புக்குத் "தன்கூறெடுப்பு" எப்படி?

அறவாழி:
கலைத்தடுக்குக்கு என் முழுச் சம்மதம். தன்கூறெடுப்பில் தயங்குகிறேன். பூட்ஸ்ட்ராப்புக்கு முன்பே ஜாக்நைஃப் இருந்தது. அதுவும் தன் கூறிலிருந்தே எடுப்பதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பை விட்டுவிட்டு. திருப்பிப் போடுவது கிடையாது. இரண்டுக்கும் பொருந்தும் சொல்லை ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிடுவோமே? "திருப்பெடுப்பு" என்பது என் யோசனை. திருப்பிப் போட்டு எடுப்பது.

இன்னொன்று. எந்தப் பெயர் வைத்தாலும் குறிப்பில் இதைச் சேருங்கள். நான்கு எண்களில் பூட்ஸ்ட்ராப் செய்தால் 256 வழிகளில் 81இல் 95 வரவே வராது. அப்போது சராசரி 27ஐத் தாண்டாது. 95 ஒருமுறை வந்தாலே 37.25க்குக் குறையாது. நடுவில் எதுவுமே விழாது. ஆயிரம் முறை எடுத்துப் படம் போட்டால் வழவழப்பான குன்று இருக்காது, தனித்தனிக் குவியல்கள்தான் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த நம்பிக்கை இடைவெளியை நம்பக் கூடாது. பத்தாயிரம் முறை எடுத்தாலும் கூறு நான்குதான்.

நிஷா:
"திருப்பெடுப்பு" என்றதும் கடன் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நான் தன்கூறெடுப்பின் பக்கம். "நிபந்தனையே இல்லை" என்ற வரியை நீக்கிவிட்டேன்.

வளர்மதி:
சரி. கலைத்தடுக்குச் சோதனை பட்டியலில் ஏறிவிட்டது. பூட்ஸ்ட்ராப்புக்கு இரண்டு சொற்களையும் போட்டு, "முடிவாகவில்லை" என்று குறித்து வைக்கிறேன். ஜாக்நைஃபுக்கு என்ன சொல் என்று யாராவது தொடங்கினால், தன்கூறெடுப்பு நிற்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.