காதர்பேட்டைக் கடைப் பலகை: மூன்று மொழி வரிகளை எப்படி எழுதி வைப்பது?

ஊத்துக்குளி வாசகி:
திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்கு ஒரு தமிழ்க் கையேடு தயாரிக்கிறோம். அதற்காகப் பலகைப் படங்களை எழுத்தாக்கி வருகிறேன். இணைத்துள்ள படத்தில் ஐந்து வரிகள் உள்ளன. மஞ்சள் பின்னணியில் "பனியன், நைட்டி, லெக்கின்ஸ்", அதன் கீழே "ஹோல்சேல் & ரீடெய்ல்" என்று தமிழ் எழுத்தில் இருக்கிறது. நடுவே ஒரு சிவப்புப் பட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், ஹோல்சேல் ஒன்லி என்று ஆங்கில வரியும், அதற்கடுத்து ஓர் இந்தி வரியும் இருக்கின்றன. கடைசியில் மீண்டும் மஞ்சளில் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது". எழுத்துணரி மென்பொருள் இந்தி வரியில் 92 என்ற எண்ணை மட்டுமே தந்தது. எனக்கு இந்தி தெரியாது. தமிழ் வரிகள் மட்டும் போதுமா, மூன்றையும் கலந்து ஒரே விளக்கமாக எழுதலாமா?

அவிநாசி சாலை:
தமிழ் வரிகளே போதும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948இன்படி பெயர்ப் பலகையில் தமிழே முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்று அளவு விகிதமே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே கடைக்காரர் சொல்ல வந்ததெல்லாம் தமிழில் இருக்கும்; மற்ற இரண்டும் வெளியூர்க்காரருக்காக அதையே திருப்பிச் சொல்பவை. கையேட்டைப் படிக்கப் போகிறவர்கள் தமிழர்கள். அவர்களுக்கு எதற்கு இந்தி வரி?

நொய்யல் கரை:
விதியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியல்ல. அந்த விதி கடையின் பெயர் எந்த மொழியில், எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. பெயருக்கு அப்பால் கடைக்காரர் எழுதும் வியாபார வரிகள் மூன்று மொழியிலும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்று அது கேட்கவில்லை. இந்தப் படத்தில் அவை ஒன்றையே சொல்லவும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தி வரி, 12 பீஸுக்குக் குறைவாகக் கிடைக்காது என்கிறது. பலகை முழுவதிலும் குறைந்தபட்ச அளவைச் சொல்வது அந்த ஒரு வரிதான். கோபியிலிருந்து பேருந்து ஏறி இரண்டு டி-சர்ட் வாங்க வருகிற தமிழருக்கு மிகவும் தேவையான செய்தி, நீங்கள் வேண்டாம் என்கிற வரியில்தான் இருக்கிறது.

அம்மணி, உங்கள் மென்பொருள் 92 என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. அந்த வரியில் எண் தேவநாகரி இலக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. தேவநாகரி ஒன்று, நாம் வழக்கமாக எழுதும் ஒன்பதைப் போலவே வளைந்திருக்கும். இரண்டு ஏறக்குறைய நம் இரண்டைப் போலவே இருக்கும். ஆங்கில எழுத்துக்கென்று பழக்கப்பட்ட மென்பொருளுக்கும், இந்தி தெரியாத கண்ணுக்கும் அது 92 ஆகத்தான் படும். பனியன் வியாபாரம் டஜன் கணக்கில் நடப்பது என்பதை நினைத்துப் பார்த்தாலே 92 என்பதில் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்த எண்ணை, அதே வரியின் மற்ற எழுத்துகள் எந்த வரிவடிவத்தில் உள்ளன என்று பார்த்துச் சரிபார்க்க வேண்டும். விலைகளில் இதே வகையில் இன்னொரு சிக்கல் உண்டு: ரூபாய்க் குறியை மென்பொருள் 7 அல்லது 2 என்று படித்து விலையின் முன்னால் ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிடும்.

ஊத்துக்குளி வாசகி:
மூன்று மொழிகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, முழுப் படத்தையும் ஒரே முறையில் கொடுத்தேன். அதனால்தான் இப்படி ஆனதா?

நொய்யல் கரை:
பெரும்பாலும் அதனால்தான். டெசராக்ட் போன்ற மென்பொருள்கள் அச்சிட்ட பக்கங்களுக்காக உருவானவை. மூன்று வரிவடிவம், இரண்டு பின்னணி நிறம், மூன்று எழுத்தளவு கொண்ட ஒரு பலகையை முழுதாகக் கொடுத்தால் எந்தச் சொல்லை எந்த மொழியாகப் படிப்பது என்பதிலேயே தடுமாறும். முதலில் படத்தின் சாய்வை நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் தனிப் படமாக வெட்டி, எழுத்தின் உயரம் 30 பிக்சல் அளவிலாவது இருக்கும்படி பெரிதாக்கி, அந்த வரியின் மொழியை மட்டும் குறிப்பிட்டு ஓட்டுங்கள். இந்தி வரிக்கு இப்படி:

```
tesseract vari4.png vari4 -l hin --psm 7
```

கடைசியில் உள்ள 7, படத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்று சொல்வதற்கு. சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து இருப்பதால், நிறத்தைத் தலைகீழாக மாற்றிக் கறுப்பு எழுத்தாக்கிக் கொடுத்தால் இன்னும் தெளிவாக வரும். வந்ததை அப்படியே நம்பாமல், படத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். தமிழ் வரிகளில் ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெயின்ட் பலகையானால், 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களை ஓவியர் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

பெருந்துறைக்காரர்:
எங்கள் கடைக்கும் இந்தியில் ஒரு வரி வைக்கலாம் என்றிருக்கிறேன், பக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர் நிறையப் பேர் இருக்கிறார்கள். 5:3:2 என்றால் பலகையின் பரப்பளவா, எழுத்தின் உயரமா? போன முறை ஃபிளக்ஸ் கடையில் இந்தியில் அடித்துத் தந்ததில் எழுத்தெல்லாம் இடம் மாறி நின்றது. சரக்கு வாங்க வந்த ஒரு பீகார்ப் பையன் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

அவிநாசி சாலை:
ஐயா, இங்கே பேசுவது ஏற்கெனவே மாட்டியிருக்கிற பலகையைப் படித்து எழுதுவதைப் பற்றி. உங்கள் ஐயத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

நொய்யல் கரை:
பெருந்துறைக்காரர் சொன்னது இந்தப் படத்துக்கும் பொருந்துகிறது. இந்தியில் இகரக் குறில் குறி, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் அடித்தால் அது பின்னால் போய் நின்றுவிடும். இந்தப் பலகையின் இந்தி வரியிலும் கடைசிச் சொல் அப்படித்தான் உடைந்திருக்கிறது. எனவே எழுதி வைக்கும்போது, பலகையில் கண்டபடி ஒரு பத்தியும், திருத்திப் படித்தபடி ஒரு பத்தியும் தனித்தனியாக இருக்க வேண்டும். திருத்தியதை மட்டும் வைத்தால், நாம் எங்கே கை வைத்தோம் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கண்டதை மட்டும் வைத்தால், இந்தியில் தேடுகிறவருக்கு அந்த வரி அகப்படாது.

படித்த வடிவத்தின் பட்டியலை நான் இப்படி வைப்பேன்:

```
1 | மஞ்சள்   | ta      | பனியன், நைட்டி, லெக்கின்ஸ்
2 | மஞ்சள்   | en-Taml | ஹோல்சேல் & ரீடெய்ல்
3 | சிவப்பு  | en      | EXPORT SURPLUS - WHOLESALE ONLY
4 | சிவப்பு  | hi      | १२ पीस से कम नहीं मिलेगा
5 | மஞ்சள்   | ta      | விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது
```

இரண்டாவது வரியின் குறியைக் கவனியுங்கள்: எழுத்து தமிழ், சொற்கள் ஆங்கிலம். வரிவடிவத்தைப் பார்த்து மட்டும் மொழியை முடிவு செய்தால் இது தமிழ் வரி என்று பதிவாகிவிடும். பிறகு மொழிபெயர்ப்பவர் அதைத் தொடாமல் விட்டுவிடுவார். பின்னணி நிறத்தையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். ஐந்து வரிகளையும் கலந்து ஒரே விளக்கமாக எழுதினால், "மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கப்படும்; மொத்தமாக மட்டுமே விற்கப்படும்" என்று ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு வாக்கியங்கள் கிடைக்கும். பலகையில் அந்த மோதல் இல்லை. மஞ்சள் பகுதி ஊர்ச் சரக்கைப் பற்றியது. சிவப்புப் பட்டை ஏற்றுமதி மிச்சச் சரக்கைப் பற்றியது. 12 பீஸ் என்ற நிபந்தனை அந்தச் சரக்குக்கு மட்டும் உரியது.

சென்னிமலை நெசவு:
வரிகளைத் தனித்தனியாக வைப்பதில் எனக்கும் உடன்பாடுதான், அண்ணா. ஆனால் உங்கள் கடைசி வாக்கியம் பலகையில் இல்லாதது. இந்தி வரியில் ஏற்றுமதிச் சரக்கு என்ற சொல்லே கிடையாது. பட்டையில் சேர்ந்திருப்பதால் அது மேல் வரியைச் சார்ந்தது என்று நீங்கள் ஊகிக்கிறீர்கள்.

படத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். சிவப்புப் பட்டையின் விளிம்பு லேசாகச் சுருண்டு, அடியில் மஞ்சள் தெரிகிறது. அது பலகையோடு சேர்த்து அச்சானதல்ல, பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர். மஞ்சள் வெயிலில் வெளுத்திருக்கிறது, சிவப்பு இன்னும் புதிதாக இருக்கிறது. அப்படியானால் இன்னொரு வாசிப்புக்கும் இடம் உண்டு: கடைக்காரர் சில்லறை வியாபாரத்தையே விட்டுவிட்டு ஏற்றுமதி மிச்சத்துக்கு மாறிவிட்டார், பழைய பலகையைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். அப்போது முதலிரண்டு வரிகளும் காலாவதியானவை. கையேட்டில் "சில்லறையும் கிடைக்கும்" என்று போட்டால் அது பிழை.

அவிநாசி சாலை:
இதற்குத்தான் தமிழ் வரியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். ஆளுக்கொரு வாசிப்பு என்று போனால் கையேடு எப்போது முடியும்?

சென்னிமலை நெசவு:
தமிழ் வரியோடு நிறுத்தினால், இரண்டு வாசிப்புகளில் தவறாக இருக்கக்கூடிய ஒன்றை, ஐயமே இல்லாதது போல அச்சிடுவீர்கள்.

நொய்யல் கரை:
ஸ்டிக்கரை நான் கவனித்தேன். அதனால்தான் நிறத்தைத் தனிப் பத்தியாக வைத்தேன். ஆனால் கடை மாறிவிட்டது என்ற வாசிப்பு வலுவாக இல்லை. சில்லறையை விட்டவர், ஸ்டிக்கரை இரண்டாவது வரியின் மேலேயே ஒட்டி அதை மறைத்திருப்பார். இவர் அந்த வரியைத் தொடாமல், அதன் கீழே வெறுமையாக இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்.

சென்னிமலை நெசவு:
அந்த இடம் வெறுமையாக இருந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்? சுருண்ட விளிம்பில் மஞ்சளோடு ஒரு கறுப்புக் கோடும் தெரிகிறது. அது ஓர் எழுத்தின் காலாக இருக்கலாம், பலகையின் ஓரக்கோடாகவும் இருக்கலாம். அடியில் இருந்தது கைப்பேசி எண்ணா, முன்பு விற்ற சரக்கின் பெயரா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஊத்துக்குளி வாசகி:
அப்படியானால் கையேட்டில் என்னதான் எழுதுவது? அதில் எனக்கு ஒரு கடைக்கு இரண்டு வரி இடம்தான் இருக்கிறது.

நொய்யல் கரை:
ஐந்து வரிப் பட்டியல் உங்கள் கோப்பில் முழுதாக இருக்கட்டும். கையேட்டில் இப்படி எழுதுங்கள்: "பனியன், நைட்டி, லெக்கின்ஸ்; மொத்தம், சில்லறை. ஏற்றுமதி மிச்சம் மொத்தமாக மட்டும், 12 பீஸ் முதல். விற்றது திரும்பப் பெறப்படாது."

சென்னிமலை நெசவு:
"மொத்தம், சில்லறை" என்பதற்குப் பக்கத்தில் "பலகைப்படி" என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் இதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கடை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஒருவர் நேரில் போய் ஒரே ஒரு நைட்டி கேட்டுப் பார்க்கட்டும். கொடுத்தால் அண்ணா சொல்வது சரி.

நொய்யல் கரை:
நைட்டி கொடுத்தாலும் இந்தி வரி எதைச் சார்ந்தது என்பது முடிவாகாது. ஏற்றுமதி மிச்சத்திலும் ஒரு பீஸ் கேட்டுப் பார்க்க வேண்டும். "பலகைப்படி" என்பதைச் சேர்க்க எனக்குத் தடையில்லை. ஆனால் சேர்ப்பதானால், இரண்டு வாக்கியத்துக்கும் பொதுவாக முன்னால் வையுங்கள், ஒன்றுக்கு மட்டும் வேண்டாம்.

ஊத்துக்குளி வாசகி:
சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். இரண்டையும் கேட்கிறேன், வலது ஓரத்தையும் நெருக்கமாக ஒரு படம் எடுத்து இங்கே இணைக்கிறேன்.

பெருந்துறைக்காரர்:
அம்மணி, போகும்போது அந்த ஸ்டிக்கரை எங்கே அடித்தார்கள் என்றும் கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் ஊர் ஃபிளக்ஸ்காரர்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.