புதுப்பிப்பு: ரெட்ரோவில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது, தீர்ந்த விதம்

நான் கேட்டிருந்தது: "ஒவ்வொரு ரெட்ரோவிலும் அதே புகார்கள்தான். என்ன செய்வது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்று ஸ்பிரிண்ட் ஓடிவிட்டது.

பெயர் போடாமல் எழுத வைத்தோம். பேசாதவர்களும் எழுதினார்கள், ஆனால் புகார் அதேதான்: "டெஸ்ட் சர்வர் படுத்துவிடுகிறது." கைகொடுத்தது இன்னொரு யோசனை: ஒரே ஒரு புகாரை எடுத்து, பொறுப்பாளர் பெயரோடு அடுத்த ஸ்பிரிண்டில் டிக்கெட்டாகப் போடுவது, அடுத்த ரெட்ரோவை அதிலிருந்தே தொடங்குவது.

எதிர்பாராதது இதுதான். டிக்கெட்டை எடுத்தவர் சர்வர் படுக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவைத்தார். தினமும் காலை 10.30. டேட்டாபேஸ் பேக்கப்பை அதிகாலை 5 மணிக்கு என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் சர்வர் கடிகாரம் யுடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்! பேக்கப் நேரத்தை மாற்றியதும் சர்வர் படுப்பது நின்றுவிட்டது.

ஸ்டாண்டப்பைக் குறைக்கச் சொன்னவருக்கு: எங்கள் சிக்கல் அதில் இல்லை.

"ஸ்பிரிண்ட் நடுவில் தேவை மாறுகிறது" என்ற புகார் இன்னும் அப்படியே இருக்கிறது. அது குழுவின் கையில் இல்லை. அடுத்த ரெட்ரோவுக்கு ப்ராடக்ட் ஓனரையும் அழைத்திருக்கிறோம்.