புதுப்பிப்பு: குளோரின் ஸ்டாண்டர்டு குறைவாகக் காட்டியது

நான் முன்பு கேட்டது: “மீட்டரைச் சரிபார்க்கக் கலக்கிய 0.2, 0.5, 1.0 ஸ்டாண்டர்டுகள் மூணுமே கிட்டத்தட்ட 0.12 குறைவாகக் காட்டுது. கலரிமீட்டர் கோளாறா?”

கோளாறு பிளாங்கில்தான், அதாவது மீட்டரைப் பூஜ்யமாக்க வைக்கும் தண்ணீரில். ஸ்டாண்டர்டு கலக்க எடுத்த பர்மாங்கனேட் ஸ்டாக் பழசாகியிருக்கும் என்றார் ஒரு தம்பி. நல்ல ஊகம்தான், ஆனால் ஸ்டாக் வலுவிழந்தால் 1.0-இல் அதிகமாகவும் 0.2-இல் கொஞ்சமாகவும் குறையும். எனக்கு எல்லாவற்றிலும் ஒரே அளவு.

நீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்த்த அக்கா வழி சொன்னார்: குளோரின் இருந்தால் ரோஸாகும் டிபிடி மருந்தைப் போடாமல் பிளாங்க் தண்ணீரில் பூஜ்யம் வைத்து, அதே தண்ணீரில் டிபிடி போட்டுப் படி. படித்தேன், 0.12. வெள்ளைத் தாளில் வைத்து மேலிருந்து பார்த்தால் மெல்லிய ரோஸ். ஸ்டாண்டர்டுகளைக் கேனிலிருந்த வடிநீரில் கலக்கினேன். பிளாங்கை மட்டும் வாஷ் பாட்டிலிலிருந்து எடுத்தேன். அதில் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் உண்டு, அது டிபிடியை மெல்லச் சிவக்க வைக்கும். அந்த நிறத்தையே பூஜ்யமாக்கி எல்லாவற்றிலும் கழித்திருக்கிறேன்.

இப்போது இரண்டுக்கும் ஒரே கேன். 1.0, 0.5 சரியாக வருகின்றன. 0.2 மட்டும் இன்னும் 0.17, கலக்கியபின் அதிக நேரம் வைத்துவிட்டேனோ என்று சந்தேகம்.