கலைச்சொல்: ‘இரைச்சல் நீக்கி’ சரியா, ‘ஒலித்தடுப்பான்’ சரியா?

வேலூர், மலர் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்காக நாங்கள் தொகுக்கும் அறிவியல் மலரில், வெளி இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. கட்டுரையாளர் அதை ‘இரைச்சல் நீக்கி’ என்கிறார். எனக்கு ‘ஒலித்தடுப்பான்’ பொருத்தமாகப் படுகிறது. காதை மூடி ஒலியை உள்ளே விடாமல் தடுப்பதுதானே அதன் வேலை?

காட்பாடி, இயற்பியல் ஆசிரியை

தடுப்பது பஞ்சு மெத்தையின் வேலை. காதை மூடும் எந்த ஹெட்போனிலும் அது உண்டு. இந்தக் கருவி அதற்கு மேலும் ஒன்று செய்கிறது. வெளியிலும் உள்ளேயும் உள்ள சிறு மைக்குகள் இரைச்சலைக் கேட்கின்றன. அது மேடாக வரும்போது பள்ளமாகவும், பள்ளமாக வரும்போது மேடாகவும் ஓர் அலையை உள்ளிருக்கும் ஒலிபெருக்கி எழுப்புகிறது. இரண்டும் காதருகே சேர்ந்து அடங்குகின்றன. பாடநூலில் நாம் ‘அழிவுக் குறுக்கீட்டு விளைவு’ என்று நடத்துவது இதைத்தான். ஆகவே ‘ஒலித்தடுப்பான்’ வேண்டாம். ‘நீக்கி’யும் வேண்டாம். எல்லா ஒலியும் இதில் நீங்குவதில்லை.

குடியாத்தம், விசைத்தறி உரிமையாளர்

அம்மா, பெயர் எதுவாக இருந்தாலும் சரி. எங்கள் தறிக்கூடத்தில் பகலெல்லாம் சத்தம். தறி ஓட்டுபவர்களுக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை, மின்னணுப் பொறியாளர்

‘எதிரலை ஹெட்போன்’ என்று வைக்கலாம். தறிச் சத்தமும் ஓர் அலைதானே. சில்லு வேகமாக இருந்தால் எந்த ஒலியையும் அடக்கலாம். மலிவான கருவிகளில்தான் குறை தெரியும்.

காட்பாடி, இயற்பியல் ஆசிரியை

தம்பி, வேகம் முக்கியம் என்பது சரி. ஆனால் அதோடு முடிவதில்லை.

எதிரலை 50 மைக்ரோ நொடி பிந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்து எஞ்சினின் உறுமல் 100 ஹெர்ட்ஸ் என்றால், அதன் ஒரு சுழற்சிக்கு 10,000 மைக்ரோ நொடி ஆகும். அதில் 50 என்பது இருநூற்றில் ஒரு பங்கு. அலையின் வீச்சில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் மிஞ்சும். இனி 4,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியை எடுங்கள். சுழற்சியே 250 மைக்ரோ நொடிதான். அதே தாமதம் இங்கே ஐந்தில் ஒரு பங்கு. சுழற்சியில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டிப் பிந்தினாலே எதிரலை ஒலியைக் குறைக்காமல் கூட்டிவிடும். அதனால் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இந்த முறையைப் பெரும்பாலும் நம்புவதில்லை. அங்கே வேலை மெத்தையுடையது.

தாமதமே இல்லை என்றாலும் இடம் சிக்கலாகும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை செண்டிமீட்டர். மைக் இருக்கும் இடத்தில் அடங்கிய ஒலி, இரண்டு மூன்று செண்டிமீட்டர் தள்ளியிருக்கும் செவிப்பறையிலும் அடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. 100 ஹெர்ட்ஸில் அலைநீளமே மூன்று மீட்டருக்கு மேல், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

காட்பாடி ரயில் நிலையத்தில் இதை அணிந்து நின்றால் சரக்கு ரயிலின் அடித்தொனி நன்றாகக் குறையும். சக்கரத்தின் கிறீச்சொலி குறையாது. பக்கத்தில் பேசுபவரின் குரலில் கனம் போய், ‘ச’, ‘ஷ’ போன்ற ஓசைகள் மட்டும் எழுந்து நிற்கும்.

தறிக்காரர் ஐயாவுக்கு: வாங்க வேண்டாம். ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடா மோதும் ஒவ்வோர் அடியும் திடீரென்று எழும் ஒலி. அதில் மேல் அதிர்வெண்களும் நிறைய உண்டு. நாடாத் தறிக்கூடத்தில் ஒலி 90 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம். அந்த மோதலுக்கு ஈடான எதிரலையை இந்தச் சிறு ஒலிபெருக்கி எழுப்புவது கடினம். எஞ்சிய மோட்டார் முனகல் குறைவதால் காதுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது போலத் தோன்றும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஒலிக்குறைப்பு அளவு அச்சிட்ட காதடைப்பானோ காதுமூடியோ வாங்கிக் கொடுங்கள்.

குடியாத்தம், விசைத்தறி உரிமையாளர்

நன்றி அம்மா. மகனிடம் அந்த ஹெட்போன் ஒன்று இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு மாட்டினால் மின்விசிறிச் சத்தம்கூடக் குறையவில்லை என்கிறான். பழுதா?

காட்பாடி, இயற்பியல் ஆசிரியை

கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டிருக்கும். தாழ்ந்த ஒலி அந்த வழியே நுழையும். மெத்தையைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முனகல் உடனே அடங்கினால் கருவியில் பழுதில்லை.

வேலூர், மலர் தொகுப்பாளர்

‘தடுப்பு’ என்பதை மெத்தைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். கருவிக்கு ‘எதிரலைத் தணிப்பி’ என்று எழுதலாமா?

ராணிப்பேட்டை, மின்னணுப் பொறியாளர்

‘தணிப்பி’ எனக்குச் சம்மதம். மேல் அதிர்வெண் பற்றி ஆசிரியை சொன்னதையும் ஏற்கிறேன்.

காட்பாடி, இயற்பியல் ஆசிரியை

‘தணிப்பு’ சரியான அளவில் சொல்கிறது. ‘எதிரலை’யில்தான் எனக்குத் தயக்கம். மாணவர்கள் அதை ‘எதிரொலி’யோடு குழப்புவார்கள், மலையில் மோதித் திரும்பும் ஒலி என்று எழுதிவைப்பார்கள். ‘எதிர்க்கட்டத் தணிப்பி’ துல்லியமானது, ஆனால் வாயில் நிற்கவில்லை. இன்னும் இரண்டு பேராவது கருத்துச் சொல்லட்டும், அதுவரை கட்டுரையில் ‘இரைச்சல் தணிப்பி’ என்றே போகட்டும்.