கீழவீதி கால்பந்து குழு: அந்தப் பத்தாம் நம்பரை யார் பிடிக்கிறது?

வெள்ளி, மாலை

அழகு, 7:42
சேது மாமா, ஞாயித்துக்கிழமை மறுபடியும் தேவகோட்டைக்காரங்களோட மேட்ச். அவங்க பத்தாம் நம்பருக்கு ஒரு வழி சொல்லுங்க. நான் அவன் கூடப் போனா எனக்குப் பின்னாடி ஓட்டை விழுது. போகாம நின்னா நிதானமாத் திரும்பி, பார்த்துப் பாஸ் போடுறான். போன வாரம் ரெண்டு கோலும் அப்படித்தான் விழுந்துச்சு.

கருப்பையா அண்ணன், 7:45
இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? ஒருத்தனை அவனுக்குன்னே விட்டுரு. அவன் தண்ணி குடிக்கப் போனாலும் கூடவே போகணும்.

மெய்யப்பன் சித்தப்பா, 7:49
ஆஃப்சைடு பொறி வைங்க. நாலு பேரும் ஒரே நேரத்துல ஏறுனா அவன் மாட்டிக்குவான்.

அழகு, 7:50
இல்ல சித்தப்பா, அவன் எங்க நாலு பேருக்கும் முன்னாடிதான் நிக்கிறான். அவனுக்கு ஆஃப்சைடே வராது.

சேது மாமா, 8:10
வீடியோவப் பார்த்துட்டேன் அழகு. ரெண்டாவது கோலை மட்டும் எடுத்துக்க. பந்து அவங்க இடது ஸ்டாப்பர் கால்ல இருக்கு. நம்ம மிட்ஃபீல்ட் நாலு பேரும் பந்தையே பார்த்துக்கிட்டு முன்னாடி ஏறிட்டாங்க. நீங்க பின்னாடி நாலு பேரும் ஏறல. நடுவுல இருபத்தஞ்சு மீட்டர் காலியாக் கிடக்கு. நம்ம செட்டியார் வீட்டு வளவு மாதிரி, சுத்தி ஆள் இருக்கு, நடுவுல திறந்த வெளி. பத்தாம் நம்பர் அங்கதான் நிக்கிறான்.

சேது மாமா, 8:14
அவன் எப்ப நகர்றான்னு கவனி. நம்ம நடு மிட்ஃபீல்டர் ரெண்டு பேரும் பந்துப் பக்கம் தலையைத் திருப்புற அந்த நேரத்துல, அவங்க முதுகுக்குப் பின்னாடி ரெண்டு மூணு எட்டு வச்சு, பாஸ் வர்ற வழிக்குள்ள நுழையுறான். ஓட்டமே கிடையாது. உடம்பையும் பாதி திருப்பி வச்சிருக்கான், அதனால வாங்குன உடனே கோலைப் பார்த்து நிக்கிறான். நீ அவனை நோக்கிப் பத்து மீட்டர் வெளிய வந்த. உனக்கும் லெஃப்ட் பேக்குக்கும் நடுவுல கதவு திறந்துச்சு. அவங்க வலது விங் உள்ள வெட்டி ஓடுனான். அந்த ஓட்டத்துக்காகத்தான் உன்னை வெளிய இழுத்ததே.

கருப்பையா அண்ணன், 8:17
அதைத்தான் நானும் சொல்றேன். இவன் முன்னாடியே ஒட்டி நின்னுருந்தா அவன் பந்தே வாங்கிருக்க மாட்டானே.

சேது மாமா, 8:25
ஒட்டுறது யாருங்கிறதுதான் விஷயம் கருப்பையா. 1953-ல வெம்ப்ளியில இங்கிலாந்தை ஹங்கேரி 6-3-ன்னு அடிச்சாங்க. ஹிடெக்குட்டி ஒன்பதாம் நம்பர் போட்டுக்கிட்டு முன்னாடி நிக்காம மிட்ஃபீல்டுக்கு இறங்கி வந்தார். இங்கிலாந்து ஸ்டாப்பர் ஹாரி ஜான்ஸ்டனுக்கு இப்ப அழகுக்கு இருக்குற அதே குழப்பம்: அவர் கூடப் போனா தனக்குப் பின்னாடி காலி, போகாம நின்னா அவர் சும்மா விளையாடுறார். ஹிடெக்குட்டி மூணு கோல் போட்டார்.

அடுத்த வருஷம் 1954 உலகக் கோப்பை ஃபைனல்ல அதே ஹிடெக்குட்டி மேல ஜெர்மனி ஹோர்ஸ்ட் எக்கலை விட்டாங்க. எட்டு நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல் வாங்கியும் 3-2-ன்னு ஜெயிச்சாங்க. எக்கல் மிட்ஃபீல்ட்ல ஆடுற ஆள். அவர் எங்கிட்டுப் போனாலும் கடைசி வரிசை கலையல.

கருப்பையா அண்ணன், 8:28
அப்ப நான் சொன்னது சரிதானே! மார்க் பண்ணித்தானே ஜெயிச்சாங்க.

சேது மாமா, 8:30
பாதி சரி. நம்மகிட்ட நடு மிட்ஃபீல்டர் ரெண்டே பேரு. ஒருத்தன் அவன் கூடவே அலைஞ்சா மிச்ச நடுவை இன்னொருத்தன் தனியாப் பார்க்கணும். அந்தப் பத்தாம் நம்பரும் கெட்டிக்காரன். பந்தே வாங்காம வேணும்னு ஓரமாப் போவான், மார்க் பண்றவன் கூடப் போவான், அவங்க ஸ்டாப்பர்கிட்ட இருந்து ஸ்ட்ரைக்கர் காலுக்கு நேர் பாஸ் போக வழி திறந்துரும்.

வள்ளி, 8:36
மாமா, எங்க காலேஜ் டீம்ல நான் ஸ்டாப்பர். எனக்கும் இதே பிரச்சனைதான், ஆனா நான் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ற நேரத்துக்குள்ள அவ திரும்பிடுறா. எதைப் பார்த்து முடிவு பண்றது?

சேது மாமா, 8:44
நல்ல கேள்வி வள்ளி. பாஸ் அடிபட்டு பந்து உருண்டு வந்துக்கிட்டு இருக்கும்போது, வாங்குற ஆள் கோலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறாளான்னு பாரு. முதுகு தெரிஞ்சா போ. பந்து அவ காலைத் தொடும்போது நீ கை எட்டுற தூரத்துல இருக்கணும். பந்தைப் பிடுங்கணும்னு இல்ல, திரும்ப விடாம வந்த வழியே திருப்பி அனுப்ப வச்சாப் போதும். நீ கிளம்புன உடனே இன்னொரு ஸ்டாப்பரும் ரெண்டு பேக்கும் உள்ள நெருங்கி, நீ விட்ட இடத்தை மூடணும்.

அவ ஏற்கனவே திரும்பி உன்னைப் பார்த்துட்டான்னா போகவே கூடாது. பாயவும் கூடாது. பின்வாங்கு, வேகத்தைக் குறை, மிட்ஃபீல்டர் பின்னாடி ஓடி வந்து சேர நேரம் வாங்கு. பெனால்ட்டி பாக்ஸ் வாசல் வரைக்கும் போயிட்டா, அப்ப நின்னு மறிக்கணும். இல்லைன்னா ஷாட் அடிச்சிருவா.

வள்ளி, 8:46
திரும்புனதுக்கு அப்புறம் பாய்றதுதான் என் பழக்கம். புரிஞ்சுது மாமா.

சாலா ஆச்சி, 8:49
ஞாயித்துக்கிழமை எத்தனை பேருக்குப் பணியாரம் ஊத்தணும்? அழகு, பதில் சொல்லு.

அழகு, 8:50
பதினெட்டு பேரு ஆச்சி. மாமா, ஆனா அவன் வாங்குறதுக்கு முன்னாடியே தடுக்க முடியாதா?

சேது மாமா, 8:58
முடியும். பெரும்பாலான வேலை அங்கதான். நடு மிட்ஃபீல்டர் ரெண்டு பேரும் பந்து ஒருத்தன்கிட்ட இருந்து இன்னொருத்தனுக்குப் போகும்போதெல்லாம் தோளுக்குப் பின்னாடி ஒரு பார்வை பார்க்கணும். அவன் எங்க நிக்கிறான்னு தெரிஞ்சா, அவனைத் தொட வேண்டியதே இல்ல. பந்துக்கும் அவனுக்கும் நடுவுல நின்னாப் போதும். ரெண்டு வரிசைக்கும் நடுவுல பத்துப் பன்னெண்டு மீட்டருக்கு மேல இடைவெளி விடாதீங்க. அவங்க பந்தைப் பின்னாடி பாஸ் பண்ணுனா, நீ ‘ஏறு’ன்னு கத்து, நாலு பேரும் ஏறுங்க.

சேது மாமா, 9:01
உன் எல்லையில இருந்து மிட்ஃபீல்டர் எல்லைக்கு அவன் இறங்குனா, பேரைச் சொல்லி ஒப்படைச்சுட்டு நீ நில்லு. சத்தம் இல்லாட்டி ரெண்டு பேரும் விட்டுருவீங்க, இல்ல ரெண்டு பேரும் போவீங்க. முதல் கோல்ல ரெண்டு பேரும் விட்டீங்க.

மெய்யப்பன் சித்தப்பா, 9:04
ஏறுங்கன்னு நான் சொன்னப்ப வேண்டாம்னீங்க, இப்ப மாமாவும் அதையேதானே சொல்றார்?

சேது மாமா, 9:07
ஏறுறது சரிதான் சித்தப்பா, அவனுக்கு இடம் கொடுக்காம இருக்க. ஆனா பந்து வச்சிருக்கவன் மேல நெருக்கடி இருந்தாத்தான் ஏறலாம். அவன் தலையை நிமிர்த்தி, நேரம் எடுத்து அடிக்க முடிஞ்சா, மேல தூக்கி நம்ம பின்னாடி போடுவான். அழகு உயரம், ஆனா வேகம் கம்மி. அந்த நேரத்துல ஏறக் கூடாது.

அழகு, 9:09
அதான் எனக்குப் பயம். ஏறுனா பின்னாடி பந்து, ஏறலைன்னா நடுவுல அவன்.

சேது மாமா, 9:12
அதுக்குத்தான் நம்ம முன்வரிசையில இருக்குற ரெண்டு பேரு சும்மா நிக்கக் கூடாது. ஸ்ட்ரைக்கர் அவங்க ஸ்டாப்பர் மேல போகணும். கீப்பரும் பாக்ஸ் விளிம்புக்கு வந்து நிக்கணும். இருந்தும் ஒண்ணு ரெண்டு பந்து பின்னாடி வரத்தான் செய்யும். ஒரே நேரத்துல ரெண்டையும் முழுசா மூட முடியாது.

கருப்பையா அண்ணன், 9:15
நான் ஒத்துக்கல. இத்தனை கத்தல், பார்வை, ஒப்படைப்பு எல்லாம் ஒரு நாள்ல நம்ம பசங்களுக்கு வராது. முதல் பாதியில பாருங்க. அவன் அப்பவும் திரும்பித் திரும்பி வாங்குனான்னா, ரெண்டாவது பாதிக்கு ஒருத்தனை ஒட்ட விட்டே ஆகணும்.

சேது மாமா, 9:18
சரி, அப்படியே வச்சுக்குவோம். ஆனா ஒட்ட விட்டா மிட்ஃபீல்ட்ல இருந்து விடு, அழகை விடாத. விங்ல ஒருத்தனை உள்ள இழுத்துக்க. நாளைக்கு அஞ்சரைக்கு மைதானத்துல ‘ஏறு’ மட்டும் பழகிருவோம். கீப்பர் தம்பியும் வரணும்.