புதுப்பிப்பு: பின்னப் பட்டைகளுக்கு நிதி கேட்ட கடிதம்

முன்பு கேட்டது: "ஐந்தாம் வகுப்புக்கு, 1/2, 1/3 போன்ற பின்னங்களை நீளமாகக் காட்டும் பின்னப் பட்டைகள் வாங்க நிதி கேட்டேன். தலைமையாசிரியர் 'அவசியமா?' என்று திருப்பிவிட்டார். கடிதத்தை எப்படி மாற்றுவது?"

பாதி வெற்றி. பழைய கடிதத்தில் 'கற்றல் மேம்படும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அது எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வரிதானே! கணக்கு ஆசிரியை ஒருவர் இங்கே சொன்னபடி, முதலில் பிள்ளைகளின் தவறுகளை எண்ணினேன். 36 பேரில் 21 பேர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறார்கள். அரைப் பட்டையின் பக்கத்தில் 2/5 நீளத்தை வைத்தாலே, கூட்டிய விடை அரையைவிடச் சிறிதாக இருப்பது கண்ணில் படும். அந்தத் தாள்களில் மூன்றைக் கடிதத்தோடு இணைத்தேன்.

'தொகையைக் கூட்டிக் கேளுங்கள், எப்படியும் குறைப்பார்கள்' என்றார் இன்னொருவர். அதை நான் செய்யவில்லை. ஆனால் செலவைப் பிரித்துக் காட்டச் சொன்னது உதவியது. ஆளுக்கொன்று என்ற 36 தொகுப்புகளை இருவருக்கொன்றாக 18 ஆக்கினேன். தொலையும் துண்டுகளுக்கு 2 கூடுதல். வைக்கும் பெட்டியையும் அனுப்பும் செலவையும் தனி வரியில் எழுதினேன். முதல் தடவை விட்டுப்போனது அதுதான்.

10 தொகுப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. மீதி, ஆறு வாரம் கழித்து அதே வகைக் கணக்குகளை மறுபடி கொடுத்துப் பார்த்த பிறகாம்.

அட்டையில் வெட்டலாமே என்றவருக்கு: வெட்டினேன். அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகியதில் மூன்று 1/3 சேர்ந்தும் முழுமை வரவில்லை. அப்புறம், புரொஜெக்டர் கேட்டுக் கிடைக்காதவரே, உங்கள் கதைக்கு என்னிடம் பதில் இல்லை.